ஜூலை 22-இன் கூர்முனைக்கு எழுதிய குறிப்பு

2020 ஜூலை 22 அன்று மாலை தமிழ்நாட்டின் கொரோனா மரண எண்ணிக்கை 518 கூடியது. முந்தைய நாள் கூடியது 75, அதற்கு முந்தைய நாள் 70. அந்த மாதங்களில் நான் ஒரு சிறிய செய்தித் தளத்துக்காக ஒவ்வொரு மாலையும் அரசின் அறிக்கையிலிருந்து எண்களை எடுத்து, கோட்டு வரைபடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று 518 என்று தட்டியதும், அதுவரை தரையோடு ஊர்ந்துவந்த கோடு பனைமரம்போல் ஒரு கூர்முனையாகச் செங்குத்தாக எழுந்து நின்றது.

காரணம் அன்றைய அறிவிப்பிலேயே இருந்தது. அந்த 518 மரணங்களில் 74 மட்டுமே அன்றைய கணக்கைச் சேர்ந்தவை. எஞ்சிய 444 மரணங்கள் மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்து, மாநிலக் கணக்கில் ஏறாமல் விடுபட்டவை. பதிவேடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்த குழு அவற்றைக் கண்டறிந்ததால், எல்லாம் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. இந்தச் செய்தி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்துவிட்டது என்பதால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணி, வரைபடத்தை எந்தக் குறிப்பும் இல்லாமல் வெளியிட்டுவிட்டேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு மாமா, அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், கைபேசியை நீட்டியபடி கேட்டார்: "தம்பி, ஒரே நாள்ல ஐந்நூறு பேரா போய்ட்டாங்க? நம்ம பேத்தி வேற அங்கதான இருக்கா." அவர் செய்தித்தாளை வரிவிடாமல் படிப்பவர். ஆனால் என் வரைபடம் அவருக்கு வந்து சேர்ந்தது உறவினர் ஒருவர் பகிர்ந்த வெறும் படமாக. அதைச் சுற்றியிருந்த செய்தி அவரிடம் வரவில்லை. ஒரு வரைபடம் தன் பக்கத்தை விட்டுப் பிரிந்து தனியே பயணம் செய்யும் என்பதால், கூர்முனைக்கான விளக்கம் படத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்று அன்று முடிவுசெய்தேன். அந்தக் குறிப்பை எழுதி முடிக்க எனக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் செய்தவற்றையே இங்கே விவரிக்கிறேன்.

குறிப்பு எழுதுவதற்கு முன்னால், எதை விளக்குகிறோம் என்பதில் நமக்கே ஐயம் இருக்கக் கூடாது. அதே ஜூலை 22 அன்று தொற்றுகளின் எண்ணிக்கையும் துள்ளியிருந்தது. முந்தைய நாள் 4,965 ஆக இருந்தது, அன்று 5,849 ஆனது, மறுநாள் 6,472. இரண்டு கோடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், தொற்று கூடியதால் மரணம் கூடியது என்று எளிதில் இணைத்துவிடுவார். நானும் ஒரு கணம் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் தொற்று உறுதியாகி மரணம் நேர்வதற்குப் பெரும்பாலும் பல நாட்கள் பிடிக்கும் என்பதால், ஒரே நாளில் இரண்டும் சேர்ந்து எகிறினால் அதைக் காரணமும் விளைவுமாகக் கொள்ள முடியாது. மறுநாள் எண்ணைப் பார்த்தபோது தெளிவு இன்னும் கூடியது. ஜூலை 23 அன்று மரணங்கள் 88, ஜூலை 24 அன்றும் 88. உண்மையில் மரணங்கள் பெருகியிருந்தால் கோடு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். ஒரே நாள் வானத்தைத் தொட்டுவிட்டு, மறுநாளே பழைய மட்டத்தில் எதுவும் நடவாததுபோல் தொடர்ந்தால் அது பெரும்பாலும் கணக்கேட்டில் நிகழ்ந்த ஏற்றம்.

இத்தகைய ஏற்றம் தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு மகாராட்டிரம் விடுபட்ட 1,328 மரணங்களைச் சேர்த்தது, அவற்றில் 862 மும்பையைச் சேர்ந்தவை. 2021 ஜூன் 10 அன்று இந்தியாவின் ஒருநாள் கணக்கு 6,148 என்று வெளியானது. அதில் 3,951 மரணங்கள் பீகார் தன் பழைய கணக்கைத் திருத்தியதால் வந்தவை. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த அந்த மே மாதத்தில்கூட அதுவரை வெளியான மிக உயர்ந்த ஒருநாள் எண் 4,529 தான். குறிப்பில்லாத ஒரு கோட்டைப் பார்ப்பவருக்கு, அலை தணிந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில்தான் மிகக் கொடிய நாள் வந்தது என்று தோன்றும்.

காரணம் உறுதியான பிறகு, எழுத்தைத் தொடுவதற்கு முன் அச்சைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 518 அடங்க வேண்டுமென்றால் நெடுக்கு அச்சு 600 வரை போக வேண்டும். என் வரைபடத்தின் உயரம் 300 பிக்சல். அப்படியானால் ஒரு மரணத்துக்கு அரை பிக்சல். ஆகஸ்ட் 15 அன்று மரணங்கள் 127 ஆக உயர்ந்தன. ஜூலை இறுதி வாரத்தில் 85-ஐ ஒட்டி இருந்த கோடு அங்கே வரும்போது உண்மையிலேயே கவலைக்குரிய ஏற்றம் அது. 600 வரை நீண்ட அச்சில் அந்த ஏற்றம் ஏறத்தாழ 20 பிக்சல், ஒரு விரல் நகத்தின் அளவுகூட இல்லை. அச்சை 150-இல் நிறுத்தினால் அதே ஏற்றம் 80 பிக்சலுக்கு மேல் எழும்பும். ஒரு கணக்குத் திருத்தம், உண்மையான ஏற்றத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே அந்தக் கூர்முனையின் பெரிய கேடு. இதை எந்தக் குறிப்பும் எழுத்தால் ஈடுசெய்ய முடியாது.

முதலில் அச்சை 150-இல் வெட்டி, கோடு படத்தின் மேல்விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே போவதுபோல் விட்டு, அருகே 518 என்று எழுதினேன். பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது. ஆனால் விளிம்பில் முடியும் கோட்டைப் பார்க்கும் கண் அதன் உயரத்தைத் தானே கற்பனை செய்துகொள்கிறது. அந்த நாளில் என்னவோ பெரிதாக நடந்தது என்ற எண்ணமும் மாறவில்லை. ஆகவே கோட்டின் பொருளையே வரையறுத்தேன். கோடு இனி அந்தந்த நாளின் புதிய கணக்கை மட்டும் காட்டும், ஜூலை 22-இல் அது 74 என்ற இடத்தில் செல்லும். சேர்க்கப்பட்ட 444 கோட்டில் கலக்காமல், அதே நாளில் நிற்கும் மெல்லிய சாம்பல் நிறச் செங்குத்துக் கோடாக, தன் எழுத்தோடு தனியே நிற்கும்.

இந்த வழி எல்லாக் கூர்முனைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டர் மழையை வரைபவர், அந்தக் கூர்முனையை வெட்டவோ கோட்டிலிருந்து பிரிக்கவோ கூடாது. அந்த மழை உண்மையிலேயே அந்த ஒரு நாளில் பெய்தது, மற்ற நாட்களெல்லாம் அதன் முன் சிறுத்துப்போவதே அங்கே சொல்ல வேண்டிய செய்தி. பிரிக்கலாமா என்ற கேள்விக்கு நான் கைக்கொள்ளும் சோதனை ஒன்றுதான்: அந்த எண் கிடைமட்ட அச்சில் எந்தத் தேதிக்கு மேல் நிற்கிறதோ, அந்தத் தேதியில்தான் நிகழ்ந்ததா?

அடுத்து வந்தது ஏழு நாள் சராசரி. பல தளங்கள் அன்றாட எண்களை மங்கிய பட்டைகளாகவும், ஏழு நாள் நகரும் சராசரியை அழுத்தமான கோடாகவும் காட்டுகின்றன. நானும் அப்படித்தான் காட்டினேன். சராசரி எடுத்தால் கூர்முனை தானே அமிழ்ந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது அமிழ்வதில்லை, ஏழு நாட்களுக்குப் பரவி ஒரு மேடையாகிவிடுகிறது. 444-ஐ 7 பங்காக்கினால் நாளொன்றுக்கு 63-க்குச் சற்று அதிகம். ஜூலை 21-இல் சராசரி 75.3. அடுத்த நாள் அது 139.6-க்குத் தாவியது. பிறகு ஆறு நாட்கள் மேட்டிலேயே நடந்து ஜூலை 28-இல் 147.6-ஐ எட்டியது. மறுநாள் அந்த 518 ஏழு நாள் சாளரத்தை விட்டு வெளியேறியதும் சராசரி 85.3-க்கு விழுந்தது.

இந்த வீழ்ச்சிதான் எனக்கு மிகவும் ஆபத்தாகத் தோன்றியது. கூர்முனை வந்த நாளில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள், காரணமும் பேசப்பட்டது. ஆனால் ஜூலை 29 அன்று பேசுவதற்கு எதுவும் நிகழவில்லை. அந்த நாளில் கோடு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் சரிந்ததைப் பார்ப்பவர், மரணங்கள் குறைந்துவிட்டன என்று நம்பி மூச்சுவிடுவார். உண்மையில் 444-ஐ நீக்கிக் கணக்கிட்டால் ஜூலை 22-இல் சராசரி 76.1, ஜூலை 28-இல் 84.1, ஜூலை 29-இல் 85.3. கோடு மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. மேடையின் ஏறுமுகத்துக்கு ஒரு குறிப்பு, இறங்குமுகத்துக்கு ஒரு குறிப்பு என்று இரண்டு எழுதிப் பார்த்தேன், படம் விளம்பரச் சுவர்போல் ஆகிவிட்டது. சராசரியை 444 இல்லாமல் கணக்கிட்டதும் இரண்டாவது குறிப்புக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. எழுத்தால் படம் நிரம்பி வழியும்போது, பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டமான கணக்கில்தான் ஏதோ ஒன்று தீர்க்கப்படாமல் இருக்கிறது என்பது என் அனுபவம்.

இனி எழுத்து. என் முதல் வரைவு இது: "மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்து மாநில அரசின் கணக்கில் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்த 444 மரணங்கள், ஆய்வுக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து ஜூலை 22 அன்று சேர்க்கப்பட்டன." வாக்கியத்தில் பிழை இல்லை, செய்தி முழுமையானது, கட்டுரைக்குள் இருந்தால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் வரைபடத்தில் அது இயங்கவில்லை. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது, வினை கடைசியில் வருகிறது. எனவே கூர்முனையைப் பார்த்துத் திகைத்த ஒருவர் இருபதுக்கும் மேற்பட்ட சொற்களைக் கடந்த பிறகுதான் அது சேர்க்கப்பட்ட எண் என்பதை அறிகிறார். கண் அவ்வளவு நேரம் பொறுக்காது. தமிழில் குறிப்பு எழுதுபவர், ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடைக்காமல், எண்ணை முதலில் நிறுத்தி, விளக்கத்தைத் தனி வரியாகப் பின்னால் அனுப்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வரைவு "ஜூலை 22: 444 பழைய மரணங்கள் சேர்ப்பு" என்று சுருங்கியது. இதில் 'பழைய' என்ற சொல் என்னை உறுத்தியது. பழைய பாக்கி, பழைய கணக்கு என்று பேசுகிற வாயால் மனிதர்களின் மரணத்தையும் பேசுவதுபோல் இருந்தது. அதோடு, அது எவ்வளவு பழையது என்பதும் தெரியவில்லை. 'நிலுவை' என்றால் இன்னும் வங்கிக் கணக்காகிவிடுகிறது. 'திருத்தம்' என்றால் கூட்டினார்களா குறைத்தார்களா என்பதே புரியாது. 'விடுபட்ட' என்ற சொல்லில்தான் நடந்தது அப்படியே இருந்தது. அவர்கள் இறந்தார்கள், கணக்கில் விடுபட்டார்கள். யாருடைய தவறு என்று அந்தச் சொல் தீர்ப்பும் வழங்கவில்லை, நடந்ததை மூடி மறைக்கவும் இல்லை. இறுதியில் நின்றது இது:

"ஜூலை 22: 518
இதில் 444, மார்ச் 1 – ஜூன் 10 காலத்தில்
சென்னையில் நிகழ்ந்து கணக்கில் விடுபட்டவை"

முதல் வரி மட்டும் தடித்த எழுத்து. கோட்டில் 518 என்ற உயரம் இல்லாதபோதும் அந்த எண்ணை எழுதியதற்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சியில் 518 என்று கேட்டவர் அதைத் தேடிக்கொண்டு படத்துக்கு வருகிறார். அது எங்கும் இல்லையென்றால் நாம் ஒளித்துவிட்டோம் என்று நினைப்பார், அப்படி நினைக்க அவருக்கு முழு உரிமையும் உண்டு. ஆய்வுக்குழு, அறிவிப்பு ஆகிய விவரங்களும், கோட்டின் எண்களைக் கூட்டினால் ஜூலை 22 வரையிலான மொத்த எண்ணிக்கையான 3,144 ஏன் வராது என்ற விளக்கமும் படத்தின் அடியில் சிறிய எழுத்தில் சென்று அமர்ந்தன. படத்தோடு ஒட்டியே இருப்பதால், படத்தைப் பகிரும்போது அவையும் உடன் செல்லும்.

இந்த மூன்று வரிகளுக்கு இடம் ஒதுக்கப் படத்திலிருந்து சிலவற்றை எடுத்தேன். 25-க்கு ஒன்றாக ஓடிய கிடைக்கோடுகளை 50-க்கு ஒன்றாகக் குறைத்தேன். ஓரத்தில் இருந்த நிற விளக்கப் பெட்டியை நீக்கிவிட்டு, 'ஏழு நாள் சராசரி' என்ற பெயரைக் கோட்டின் வலது முனையிலேயே எழுதினேன். வளைந்த அம்புக்குறி ஒன்றை வரைந்து பார்த்து அழித்தேன். எழுத்து செங்குத்துக் கோட்டை ஒட்டியே நிற்கும்போது, எதைச் சுட்டுகிறது என்று தனியே காட்ட வேண்டியதில்லை. எழுத்தைக் கோட்டுக்கு இடப்பக்கம் வைத்தேன், ஏனெனில் மார்ச் முதல் ஜூன் வரை கோடு தரையோடு தாழ்ந்து செல்வதால் அதற்கு மேலே வெற்றிடம் தாராளமாக இருந்தது. வலப்பக்கம் வைத்திருந்தால் ஆகஸ்டில் ஏறிய கோடு எழுத்தின் மேல் ஓடியிருக்கும்.

நாள்தோறும் புதுப்பிக்கப்படும் படத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்தின் இடத்தை 'ஜூன் 5-ஆம் தேதிக்கு நேரே' என்று தேதியால் குறித்தால், நாட்கள் சேரச் சேரக் கிடைமட்ட அச்சு நெருங்கி, எழுத்து கோட்டின் மேல் ஏறிவிடும். எந்த நாளைச் சுட்டுகிறது என்பதைத் தேதியாலும், அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைப் புள்ளிக் கணக்காலும் கொடுக்க வேண்டும். நான் பயன்படுத்திய பைத்தான் வரைபட நிரலகமான matplotlib-இல் அது இப்படி அமைந்தது:

```python
plt.rcParams["svg.fonttype"] = "none"

ax.axvline(d22, color="0.6", lw=1)
ax.annotate("ஜூலை 22: 518", xy=(d22, 145),
            xytext=(-8, 0), textcoords="offset points",
            ha="right", va="top", weight="bold")
```

`d22` என்பது அந்தத் தேதி. மற்ற இரண்டு வரிகளையும் இதேபோல் தனித்தனி அழைப்புகளாக, `xytext`-இன் இரண்டாவது எண்ணை மட்டும் -16, -32 என்று இறக்கி, தடித்த எழுத்து இல்லாமல் எழுதினேன். நிரலின் முதல் வரி தமிழுக்காகவே சேர்த்தது. என்னிடம் இருந்த பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கவில்லை. எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது, 'சென்னை' என்பதை வாசிக்கவே முடியவில்லை. கோப்பை SVG வடிவில் சேமித்து, எழுத்துகளை வடிவங்களாக மாற்றாமல் எழுத்துகளாகவே விட்டுவிட்டால், அவற்றைக் கோக்கும் வேலையை உலாவி ஏற்றுக்கொள்கிறது, உலாவிக்குத் தமிழ் தெரியும். பகிர்வதற்கான படத்தையும் உலாவியில் திறந்தே எடுத்தேன்.

கைபேசியில் இந்த ஏற்பாடு அப்படியே செல்லாது. 360 பிக்சல் அகலத்தில் மூன்று வரித் தமிழ் எழுத்து படத்தின் பாதியை விழுங்கிவிடும். எழுத்தைச் சிறிதாக்கினால் கொம்பும் புள்ளியும் மங்கிவிடும். ஆகவே கைபேசிக்கான படத்தில் "ஜூலை 22: 518*" என்ற முதல் வரி மட்டும் இருக்கும், மற்ற இரண்டு வரிகளும் உடுக்குறியோடு படத்தின் அடியில், அதே கோப்புக்குள் இருக்கும். இது எனக்கு முழு நிறைவளிக்கவில்லை, கண் கீழே இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. ஆனால் வாசிக்க முடியாத எழுத்தை அருகில் வைப்பதைவிட இது மேல்.

எல்லாம் முடிந்து, புதிய படத்தை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். "சரி தம்பி, அன்னைக்கு எழுபத்து நாலு பேர். அந்த நானூத்தி நாப்பத்து நாலு பேரும் ஜூன் பத்துக்குள்ளயே போனவங்க. அப்போ இந்தப் பக்கம் கோடு ஏன் இவ்வளவு கீழ கெடக்கு?" என்று படத்தின் இடப்பக்கத்தை, நான் எழுத்து வைப்பதற்கு வசதியான வெற்றிடம் என்று மகிழ்ந்த அதே பகுதியை, விரலால் தொட்டுக் காட்டினார்.

அவர் கேட்டது சரி. ஜூன் 10 அன்று மாநிலத்தின் மொத்த மரண எண்ணிக்கை 326 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. விடுபட்ட 444-ஐயும் சேர்த்தால் அது 770, இருமடங்குக்கும் மேல். ஜூலை 22-இன் கூர்முனையை நான் விளக்கிவிட்டேன், ஆனால் அந்த விளக்கத்தாலேயே பொய்யாகிவிட்ட பகுதியை அப்படியே விட்டிருந்தேன். 444-ஐ அந்த 102 நாட்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கோட்டை உயர்த்தலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நாளொன்றுக்கு நான்கு மரணங்களுக்குச் சற்று அதிகமாக வரும். மார்ச் தொடக்கத்தில் மாநிலத்தில் கொரோனா மரணமே பதிவாகாத நாட்களிலும் அப்போது நான்கு பேர் இறந்ததாகக் கோடு சொல்லும். எந்த நாளில் எத்தனை பேர் என்ற விவரம் என் கையில் இல்லாதபோது, அப்படி ஒரு கோட்டை வரைய எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 1 முதல் ஜூன் 10 வரையிலான பகுதிக்குப் பின்னால் மிக மெல்லிய சாம்பல் பட்டை ஒன்றை விரித்தேன். அதன் நிறமும் ஜூலை 22-இன் செங்குத்துக் கோட்டின் நிறமும் ஒன்றே, இரண்டும் ஒரே செய்தியின் இரு முனைகள் என்பதைக் கண் தானே இணைத்துக்கொள்ளும். பட்டை காலத்தைச் சொல்லிவிடுவதால், குறிப்பிலிருந்து தேதிகளை எடுத்துவிட முடிந்தது. மூன்று வரிகள் இரண்டாகின: "ஜூலை 22: 518", அதன் கீழே "இதில் 444 இந்தக் காலத்தில் விடுபட்டவை, சென்னை". பட்டையின் அடியில், தாழ்ந்து செல்லும் கோட்டை ஒட்டி, ஐந்து சொற்கள் மட்டும் எழுதினேன்: "இங்கே கோடு 444 மரணங்கள் குறைவு."